லோன் முடிந்த வண்டியின் பாலிசியிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவது: இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுத முழுமையான வழிகாட்டி

கடைசித் தவணையைக் கட்டியாயிற்று. வங்கியிடம் என்.ஓ.சி. வாங்கியாயிற்று. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆர்.சி.யில் இருந்த வங்கியின் பெயரையும் எடுத்தாயிற்று. இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வண்டி எண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் வரிசையில், ‘ஹைப்பாதிகேஷன்’ அல்லது ‘ஃபைனான்சியர்’ என்ற தலைப்புக்கு நேராக அந்த வங்கியின் பெயர் இன்னும் அப்படியே நிற்கும்.

காரணம் எளிது. வங்கியின் கணக்கு, ஆர்.டி.ஓ.வின் பதிவு, இன்ஷூரன்ஸ் பாலிசி ஆகிய மூன்றும் வெவ்வேறு ஏடுகள். ஒன்றில் திருத்தினால் மற்றொன்று தானாகத் திருந்துவதில்லை. பாலிசியில் மாற்றம் வேண்டுமென்றால் பாலிசிதாரர் எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில், இப்படி வரும் கடிதங்களை வாங்கிப் பாலிசியில் ‘எண்டோர்ஸ்மென்ட்’ எனப்படும் திருத்தம் போடும் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். எந்தக் கடிதம் அன்றே நகரும், எது திரும்பி வரும் என்பது அந்த மேசையில் கற்றது.

அந்தப் பெயர் பாலிசியில் என்ன செய்கிறது

லோனில் வாங்கிய வண்டியின் பாலிசியில் ‘ஐ.எம்.டி. 7’ என்ற எண்ணுள்ள ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கும். இந்திய மோட்டார் டேரிஃப் வகுத்த நிபந்தனைகளில் இது ஏழாவது. பாலிசியின் முதல் பக்கத்தில் எண் மட்டும் இருக்கும், வாசகம் பின்பக்கங்களில் இருக்கும். அது சொல்வதன் சாரம் இது: பழுது பார்த்தோ பாகங்களை மாற்றியோ சரிசெய்ய முடியாத அளவுக்கு வண்டிக்கு இழப்பு ஏற்பட்டால், உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டிய தொகை வங்கிக்குப் போகும். வண்டி வங்கிக்கு ஈடாக இருக்கும் வரை இது செல்லும். வங்கி கொடுக்கும் ரசீதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்ததற்குச் சான்று.

பம்பர் உடைந்தது, கதவு நசுங்கியது போன்ற சாதாரண கிளெய்ம்களில் இந்த நிபந்தனை பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. பணம் ஒர்க்‌ஷாப்புக்கோ உங்களுக்கோ வந்துவிடும். அதனால்தான் லோன் முடிந்து பல வருடங்கள் ஆன பிறகும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வண்டி திருடுபோனாலோ, பழுதுச் செலவு, வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று முடிவுகட்டினாலோதான் அந்தப் பெயர் எழுந்து நிற்கும்.

‘ஈடாக இருக்கும் வரை’ என்று நிபந்தனையே சொல்வதால், லோனை அடைத்தவரின் பணத்தில் வங்கிக்கு நியாயமான உரிமை எதுவும் இல்லை. ஆனால் கிளெய்ம் பார்ப்பவருக்கு லோன் அடைந்த செய்தி எப்படித் தெரியும்? அவர் முன்னால் இருப்பது பாலிசி. அதில் வங்கியின் பெயர் இருக்கிறது. எனவே வங்கியிடமிருந்து எழுத்து வாங்கி வரச் சொல்வார்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கண்ணெதிரே பார்த்தேன். டேஷ்போர்டுக்கு மேல் தண்ணீர் ஏறிய ஒரு கார். டோட்டல் லாஸ் என்று முடிவாகிவிட்டது. உரிமையாளர் லோனை அடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வங்கி கொடுத்த என்.ஓ.சி. வீட்டில் புகுந்த அதே வெள்ளத்தில் போய்விட்டது. லோன் கொடுத்த கிளையோ வேறு கிளையோடு சேர்க்கப்பட்டிருந்தது. பழைய கணக்கைத் தேடி எடுத்து, கடன் பாக்கி இல்லை என்ற ஒரு தாளை வாங்க அவர் ஏழு வாரம் அலைந்தார். மூன்று வருடம் முன்பு ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருந்தால் அந்த ஏழு வாரமும் மிச்சமாகியிருக்கும். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

எழுதுவதற்கு முன்: வங்கியிடமிருந்து வர வேண்டியது

தவணை முடிந்ததும் கணக்கு தானாக மூடிவிடும் என்று இருக்காதீர்கள். தாமதக் கட்டணமோ காசோலை திரும்பிய கட்டணமோ சில நூறு ரூபாய் பாக்கி இருந்தால்கூடக் கணக்கு திறந்தே இருக்கும், என்.ஓ.சி. வராது. கணக்கு முடிந்ததற்கான கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள தன் உரிமைப் பதிவையும் வங்கி நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் உத்தரவிட்டது. அது அந்த வருடம் டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கிளையில் இழுத்தடித்தால் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கி தரும் கட்டில் பொதுவாக என்.ஓ.சி.யும், இரண்டு பிரதிகளாக ஃபார்ம் 35-ம் இருக்கும். ஃபார்ம் 35 ஆர்.டி.ஓ.வுக்கானது. பல வங்கிகள் என்.ஓ.சி.யை இரண்டாகத் தரும். ஒன்று ஆர்.டி.ஓ. முகவரிக்கு, மற்றொன்று இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு. இரண்டாவது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மறுத்தால், ஆர்.டி.ஓ.வுக்கான என்.ஓ.சி.யின் நகலே போதும். இதில் முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூலத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே அங்கே போவதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். என் மேசைக்கு வந்து ‘அதை ஆர்.டி.ஓ.வில் கொடுத்துட்டேனே சார்’ என்று கைவிரித்தவர்களை எண்ண முடியாது.

என்.ஓ.சி. கைக்கு வந்த அன்றே நாலு விஷயத்தைப் பாருங்கள்: உங்கள் பெயர், வண்டி எண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே திருத்தி வாங்குவது எளிது. பல என்.ஓ.சி.களில் 90 நாள் என்று காலக்கெடு அச்சிட்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. முதலிலா, பாலிசி முதலிலா

ஆர்.சி. முதலில் என்பதுதான் என் கருத்து. என்.ஓ.சி. மட்டும் இருந்தாலே பாலிசியில் பெயரை எடுத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் பல நிறுவனங்கள் வங்கியின் பெயர் நீங்கிய ஆர்.சி.யையும் கேட்கும். ஆர்.சி.யோடு போனால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஆர்.சி. வேலைக்கு `parivahan.gov.in` தளத்தில் ‘ஹைப்பாதிகேஷன் நீக்கம்’ என்ற சேவையில் விண்ணப்பித்து, ஃபார்ம் 35-ஐயும் என்.ஓ.சி.யையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெயர் நீங்கிவிட்டதா என்பதை `mParivahan` செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கார்டு கையில் வரும்வரை, டிஜிலாக்கரில் இறக்கிய ஆர்.சி.யே கடிதத்தோடு வைக்கப் போதுமானது.

ஆர்.டி.ஓ.வில் ஏதோ காரணத்தால் வேலை தாமதமாகிறது என்றால், காத்திருக்காமல் என்.ஓ.சி. நகலோடு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. பின்னால் வரும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். லோன் அடைந்துவிட்டது என்ற செய்தி இந்தத் தேதியிலேயே நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சியாக நிற்கும். நாளை ஒரு பெரிய கிளெய்ம் வந்தால் அதுவே உதவும்.

பாலிசியை ஒரு முறை முழுதாக வாசியுங்கள்

கடிதம் எழுத உட்காரும்போது நடப்பு பாலிசி முன்னால் இருக்க வேண்டும். போன வருடப் பாலிசி எண்ணைப் போட்டு வரும் கடிதங்கள் நிறைய. அது முடிந்துபோன ஒப்பந்தம், அதில் திருத்தம் போட முடியாது.

அடுத்து, உங்களிடம் இருப்பது ஒரு பாலிசியா இரண்டா என்று பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று வருடமும், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடமும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பை மட்டும் பலர் வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். முதல் வருடத்துக்குப் பிறகு அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றியும் இருப்பார்கள். அப்படியானால் மூன்றாம் நபர் பாலிசி ஒரு நிறுவனத்திலும், சொந்தச் சேதப் பாலிசி இன்னொரு நிறுவனத்திலும் இருக்கும், இரண்டிலும் வங்கியின் பெயர் இருக்கும். வண்டிக்கான பணம் வருவது சொந்தச் சேதப் பாலிசியிலிருந்துதான், எனவே அவசரமானது அதுவே. மூன்றாம் நபர் பாலிசிக்கும் அதே கடிதத்தை நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, பாலிசியில் உள்ள மெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையவைதானா? ஷோரூமில் எடுத்த பாலிசிகளில் டீலரின் மெயிலோ, விற்ற பையனின் எண்ணோ பதிவாகியிருப்பது சாதாரணம். நீங்கள் கடிதம் கொடுத்துக் காத்திருப்பீர்கள். திருத்தம் நான்காம் நாளே தயாராகி, நீங்கள் பார்க்கவே முடியாத மெயில் பெட்டியில் கிடக்கும். அப்படி இருந்தால் கடிதத்திலேயே சரியான எண்ணைக் கொடுத்து மாற்றக் கேளுங்கள்.

கடைசியாக, வங்கியின் பெயர் பாலிசியில் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. அதற்கு முந்தைய வருடம் அதே தேதியில் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. பாலிசியில் பழைய பெயரும் என்.ஓ.சி.யில் புதிய பெயரும் இருந்தால், மேசையில் இருப்பவர் ‘இது வேறு வங்கியின் கடிதம்’ என்று திருப்பிவிடக்கூடும். கடிதத்தில் இரண்டு பெயரையும் எழுதி, ‘இணைந்த பின் இப்பெயரில் இயங்கும்’ என்று ஒரு வரி போட்டால் அந்தக் கேள்வி எழாது.

கடிதம்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஐந்து வருட லோனில் வாங்கிய கார். கடைசித் தவணை 2025 ஜனவரி 5-ல் போயிற்று. வங்கியின் என்.ஓ.சி. ஜனவரி 18 தேதியிட்டது. பிப்ரவரி 9-ல் ஆர்.சி.யில் பெயர் நீங்கியது. பாலிசி 2024 ஜூன் 12 முதல் 2025 ஜூன் 11 வரை, ஐ.டி.வி. 3,80,000 ரூபாய். அதாவது பாலிசிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த நான்கு மாதத்தில் கார் திருடுபோனால், கழிவுகள் போக இந்த 3,80,000 ரூபாய் யார் பெயருக்கு எழுதப்படும் என்பதுதான் கேள்வி.

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். ஸ்டாம்ப் பேப்பரோ நோட்டரியோ தேவையில்லை. தமிழ்நாட்டுக் கிளையில் நேரில் கொடுக்கும் கடிதம் தமிழில் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவை மெயிலுக்கு அனுப்புவதென்றால், அதை வாசிப்பவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம் என்பதால் இதையே ஆங்கிலத்தில் அனுப்புவது வேகமாக நடக்கும்.

> அனுப்புநர்
> (பாலிசியில் உள்ளபடி உங்கள் பெயர், முகவரி)
> மொபைல்: ………… மெயில்: …………
>
> பெறுநர்
> கிளை மேலாளர் அவர்கள்,
> (இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயர், பாலிசி வழங்கிய கிளையின் முகவரி)
>
> நாள்: 12-02-2025
>
> பொருள்: கார் பாலிசி எண் ………… – வண்டி எண் ………… – கடன் முழுதும் அடைந்ததால் வங்கியின் ஹைப்பாதிகேஷன் பதிவை நீக்கக் கோருதல்.
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட பாலிசி என் பெயரில் 12-06-2024 முதல் 11-06-2025 வரை நடப்பில் உள்ளது. வண்டியின் இன்ஜின் எண் …………, சேஸிஸ் எண் ………….
>
> இந்த வண்டியை வாங்க (வங்கியின் பெயர், கிளை) என்ற வங்கியில் கடன் கணக்கு எண் ………… மூலம் கடன் பெற்றிருந்தேன். அதனால் பாலிசியில் அவ்வங்கியின் பெயர் ஹைப்பாதிகேஷன் பதிவாக உள்ளது. கடன் முழுவதையும் 05-01-2025 அன்று அடைத்துவிட்டேன். வங்கி 18-01-2025 தேதியிட்ட என்.ஓ.சி.யை வழங்கியுள்ளது. ஆர்.சி.யிலிருந்தும் வங்கியின் பெயர் 09-02-2025 அன்று நீக்கப்பட்டுவிட்டது. வண்டியின் மீது இப்போது வேறு எந்தக் கடனும் இல்லை.
>
> ஆகவே,
> மேற்படி பாலிசியிலிருந்து அவ்வங்கியின் பெயரையும், அதற்காகச் சேர்க்கப்பட்ட ஐ.எம்.டி. 7 நிபந்தனையையும் நீக்கி, அதற்கான எண்டோர்ஸ்மென்ட்டை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த புதுப்பித்தலில் இப்பெயர் மீண்டும் வராதபடி உங்கள் கணினிப் பதிவிலும் திருத்த வேண்டுகிறேன்.
>
> இந்தப் பாலிசியில் நிலுவையில் உள்ள கிளெய்ம் எதுவும் இல்லை. எண்டோர்ஸ்மென்ட்டை மேலே உள்ள மெயிலுக்கு அனுப்பவும். பாலிசியில் வேறு மெயிலோ மொபைல் எண்ணோ இருந்தால் இவற்றையே பதிவு செய்துகொள்ளவும்.
>
> இணைப்பு:
> 1. வங்கியின் என்.ஓ.சி. நகல்
> 2. வங்கியின் பெயர் நீங்கிய ஆர்.சி. நகல்
> 3. நடப்பு பாலிசியின் முதல் பக்க நகல்
> 4. அடையாள அட்டை நகல்
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)
> (பெயர்)

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

பொருள் வரியிலேயே பாலிசி எண்ணும் வண்டி எண்ணும் வருவது முதல் காரியம். கிளையில் ஒரு நாளைக்கு வரும் தாள்களில், எண்ணைத் தேட வேண்டியிருக்கும் கடிதம் அடியில் போய்விடும்.

‘வேறு எந்தக் கடனும் இல்லை’ என்ற வரி, மேசையில் இருப்பவரின் மனதில் எழும் கேள்விக்கான பதில். அதே வண்டியின் மீது வேறு வங்கியில் மறுகடன் வாங்கியிருந்தால் செய்ய வேண்டியது நீக்கம் அல்ல, பெயர் மாற்றம். அதற்குப் புதிய வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்த வரி உங்களைப் பொறுத்து உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஐ.எம்.டி. 7-ஐப் பெயர் சொல்லிக் கேட்பது பலருக்கும் தோன்றாது. முதல் பக்கத்தில் வங்கியின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, நிபந்தனைப் பட்டியலில் 7 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்ட பாலிசிகளைப் பார்த்திருக்கிறேன். பெயரில்லாத நிபந்தனையால் பெரிய தீங்கு வராது என்றாலும், கிளெய்ம் நேரத்தில் ‘இது எந்த வங்கிக்காக?’ என்று ஒரு கேள்வி கிளம்பும். கேட்டு வாங்குவது நல்லது. உங்கள் பாலிசியில் வண்டி ஹையர் பர்ச்சேஸில் என்று இருந்தால் நிபந்தனையின் எண் 5 ஆகவும், லீஸ் என்று இருந்தால் 6 ஆகவும் இருக்கும். பாலிசியில் இருப்பதைப் பார்த்து அந்த எண்ணையே எழுதுங்கள்.

கிளெய்ம் இல்லை என்ற வரியும் அப்படித்தான். கிளெய்ம் நடந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் கிளெய்ம் எண்ணைக் குறிப்பிடுங்கள். விபத்து அல்லது திருட்டு நடந்த பிறகு போடும் திருத்தம் அந்த நிகழ்வுக்கு முன்தேதியிட்டுப் பொருந்தாது. அந்த நிலையில் என்.ஓ.சி.யையும் கணக்கு முடிந்த கடிதத்தையும் கிளெய்ம் கோப்பிலேயே தனியாகக் கொடுத்து, தொகையை உங்களுக்கே தரும்படி கேட்க வேண்டும். லோன் முன்பே அடைந்துவிட்டது என்பதே அங்கே உங்கள் வாதம்.

எழுதாமல் விட வேண்டியவையும் உண்டு. வங்கி எப்படி அலைக்கழித்தது என்ற கதை வேண்டாம். முகவரி மாற்றம், நாமினி மாற்றம், கேஸ் கிட் பொருத்தியது போன்ற வேறு கோரிக்கைகளை இதோடு சேர்க்காதீர்கள். கேஸ் கிட்டுக்கு பிரீமியம் கூடும், அதற்கு வேறு ஆவணங்கள் வேண்டும். அது முடியும்வரை இதுவும் காத்துக் கிடக்கும். வங்கியின் பெயரை நீக்குவதால் பிரீமியம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நோ கிளெய்ம் போனஸும் அப்படியே இருக்கும். எனவே இது தனியாகப் போனால் வேகமாக நடக்கும்.

கொடுப்பதும் அத்தாட்சி வாங்குவதும்

கடிதத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். ஏஜென்ட், டீலர், பாலிசி விற்கும் இணையதளம் இவர்கள் மூலம் அனுப்பலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் வாங்கிக்கொண்டது நிறுவனம் வாங்கிக்கொண்டதாக ஆகாது. நேரில் போனால் இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். ‘அதெல்லாம் வேண்டாம் மேடம், நான் பார்த்துக்கிறேன்’ என்று கவுன்டரில் சொன்னாலும், பொறுமையாக நின்று சீல் வாங்கிக்கொண்டே வாருங்கள்.

மெயிலில் அனுப்பினால், நிறுவனத்திடம் பதிவான உங்கள் மெயிலிலிருந்தே அனுப்புங்கள், இல்லையென்றால் ஆளைச் சரிபார்க்கவே ஒரு வாரம் போகும். கடிதத்தையும் நான்கு இணைப்புகளையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குவது நல்லது. பதிலில் சேவைக் கோரிக்கை எண் ஒன்று வரும், அதைக் குறித்துவையுங்கள். நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ ‘பாலிசியில் திருத்தம்’ என்ற வசதி இருந்தால் அதில் போடுவது இன்னும் விரைவு. அப்போதும் இந்தக் கடிதத்தை இணைப்பாகப் பதிவேற்றுங்கள். பெட்டியில் தேர்வு செய்த ஒரு சொல்லைவிட, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது கடிதத்தில்தான் தெளிவாக இருக்கும்.

வந்த எண்டோர்ஸ்மென்ட்டை வாசிப்பது

திருத்தம் இரண்டு வடிவில் வரும். சில நிறுவனங்கள் ஒரு பக்க எண்டோர்ஸ்மென்ட்டை மட்டும் தரும், சில நிறுவனங்கள் திருத்திய பாலிசியை முழுதாக மறுபடி அச்சிட்டுத் தரும். ஒரு பக்கத் தாள் வந்தால் அது பழைய பாலிசியோடு சேர்த்து வாசிக்க வேண்டியது. தனியாக வைத்துத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, நீக்கம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்பது. பழைய வங்கிக்குப் பதில் அதே வங்கியின் புதிய பெயரைப் போட்டு அனுப்பிய அவலமும் நடந்திருக்கிறது. இணைந்த வங்கிகளின் விஷயத்தில் இது எளிதில் நேரும். அடுத்து, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி 12-ல் கொடுத்த கடிதத்துக்குப் பிப்ரவரி 18 என்று தேதி போட்டு வந்தால் அதில் குறையில்லை. ஆனால் அடுத்த பாலிசி தொடங்கும் ஜூன் 12 என்று இருந்தால், புதுப்பித்தலில்தான் பெயரை எடுப்போம் என்று தள்ளிவிட்டார்கள் என்று பொருள். அப்போது சீல் வாங்கிய பிரதியோடு திரும்பிப் போய், நடப்பு பாலிசியிலேயே திருத்தம் கேட்க வேண்டும்.

பிறகு மற்ற விவரங்களை மேலிருந்து கீழ்வரை ஒப்பிடுங்கள். ஐ.டி.வி. அதே 3,80,000-தானா, போனஸ் சதவீதம் மாறவில்லையா, கூடுதல் பாதுகாப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, பாலிசி முடியும் தேதி அதேதானா என்று பாருங்கள். முழுப் பாலிசியையும் மறுபடி அச்சிடும்போது கைதவறி ஏதாவது விடுபடுவது உண்டு. தவறு இருந்தால் அன்றே, அதே கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால்

பத்து நாள் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால், முதல் கடிதத்தின் தேதியையும் கோரிக்கை எண்ணையும் சொல்லி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய மெயில் முகவரி பாலிசியின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டிருக்கும். அதற்கும் அசையவில்லையென்றால் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் `bimabharosa.irdai.gov.in` தளத்தில் புகார் பதியலாம், அல்லது 155255 என்ற எண்ணில் சொல்லலாம். அநேகமாக இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும். நிறுவனம் மறுத்தாலோ, எழுத்துப்பூர்வமான புகாருக்கு ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகும் வழியும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

பாலிசி முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால்

‘புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பார்கள். திருட்டுக்கு அந்த ஒரு மாதம் என்று கணக்கில்லை, எனவே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். அதோடு, புதுப்பித்தல் படிவத்தில் பழைய விவரங்கள் தாமாகவே நிரம்பி வரும். ஆன்லைனில் புதுப்பித்தால், வண்டியின் மீது கடன் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று ஏற்கெனவே குறியிட்டு, வங்கியின் பெயரும் கீழே நிரம்பியிருக்கும். பணம் கட்டும் அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எண்டோர்ஸ்மென்ட் வாங்கியவர்களும் முதல் புதுப்பித்தலில் அந்தப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது ஜூன் 11-க்கு முன் வரும். பணம் கட்டுவதற்கு முன் வரும் முன்மொழிவில் வங்கிக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, பாலிசி வந்ததும் நிபந்தனைப் பட்டியலில் 7 என்ற எண் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால், சீல் போட்ட பழைய கடிதத்தையும் எண்டோர்ஸ்மென்ட்டையும் இணைத்து அதே வாரத்தில் திருத்தம் கேட்டு எழுதுங்கள்.